ஜூன் ஐந்தாம் தேதிக்கு ஒரு கணக்கு

அன்புள்ள பாப்பா,

சம்பளம் வாங்கி மூன்று மாதமாகியும் உன்னைப் பாப்பா என்றே கூப்பிடுகிறேன், பொறுத்துக்கொள். தம்பியின் காலேஜ் ஃபீசுக்காக அடுத்த ஜூனுக்குள் ஒன்றரை லட்சம் சேர்க்கப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். ஃபோனில் நீ கேட்ட கேள்விக்கு அன்றைக்கு அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. "ஒரு லட்சத்து இருபதாயிரத்தை எஃப்.டி.யில் போட்டால் எட்டாயிரம் வட்டி வருது, ஆர்.டி.யில் அதே பணத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம்தான் வருது. அப்புறம் எதுக்குப் பெரியப்பா ஆர்.டி.?" என்றாய்.

கவுன்டரில் இருந்த காலத்தில் என்னிடம் இந்தக் கேள்வி கேட்காதவர் குறைவு. சிலர் பாஸ்புக்கைக் காட்டி, வட்டியில் பாதியை பேங்க் விழுங்கிவிட்டது என்று சண்டைக்கே வருவார்கள்.

வட்டி விகிதம் 6.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பேங்குகளில் ஒரு வருட எஃப்.டி.க்கும் ஒரு வருட ஆர்.டி.க்கும் ஒரே விகிதம்தான். எஃப்.டி.யில் முதல் நாளே முழுப் பணமும் உள்ளே போய்விடுகிறது. ஆர்.டி.யில் உன் முதல் மாதப் பத்தாயிரம்தான் பன்னிரண்டு மாதமும் இருக்கிறது. அதற்கு 650 ரூபாய் வட்டி. இரண்டாம் மாதத்துப் பணம் பதினொரு மாதம் இருக்கிறது. கடைசித் தவணை ஒரே மாதம் இருந்துவிட்டு 54 ரூபாயோடு திரும்பி வருகிறது. பன்னிரண்டு, பதினொன்று, பத்து என்று ஒன்று வரை கூட்டினால் 78. அதாவது பத்தாயிரம் ரூபாய் 78 மாதம் இருந்த வட்டி உனக்குக் கிடைக்கிறது. அது 4,225 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேர்வதால் கொஞ்சம் கூடி, முடிவில் கைக்கு 1,24,286 வரும். யாரும் எதையும் விழுங்கவில்லை. இன்றைக்கே ஒரு லட்சத்து இருபதாயிரம் கையில் இருந்தால் எஃப்.டி. போடு என்றுதான் சொல்வேன். உன்னிடம் இருப்பது மாதம் பத்தாயிரம்.

அப்படியானால் மாதாமாதம் பத்தாயிரத்துக்கு ஒரு எஃப்.டி. போட்டால் என்ன? நல்ல யோசனைதான், ஆனால் ஜூன் என்று தேதி குறித்த பிறகு அது உதைக்கும். எஃப்.டி.க்கு வட்டி, எத்தனை நாளைக்குப் போடுகிறாய் என்பதைப் பொறுத்தது. முதல் மாதம் ஒரு வருடத்துக்குப் போடலாம். டிசம்பரில் போடுவதை ஆறு மாதத்துக்கும் மேயில் போடுவதை ஒரு மாதத்துக்கும்தான் போட முடியும், ஜூனில் எடுக்க வேண்டுமே! குறைந்த நாளுக்குக் குறைந்த வட்டி. ஆர்.டி.யில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே மாதம் இருக்கும் கடைசித் தவணைக்கும் ஒரு வருட விகிதமே கிடைக்கும். நடுவில் பேங்க் வட்டியைக் குறைத்தாலும் உன் கணக்கு தொடங்கிய நாளின் விகிதத்திலேயே ஓடும். 2025இல் பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் நடுவில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.5இலிருந்து 5.5க்கு இறக்கியது. அந்த ஜனவரியில் ஆர்.டி. தொடங்கியவர்களுக்கு வருடம் முழுக்கப் பழைய வட்டி, மாதாமாதம் எஃப்.டி. போட்டவர்களுக்குப் போகப்போகக் கொஞ்சம் இறக்கம். வட்டி ஏறும் காலத்தில் இதுவே தலைகீழாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் கணக்கில் எஃப்.டி.க்கும் ஓர் இடம் இருக்கிறது. ஆர்.டி. 1,24,286இல் நின்றுவிடுகிறது, மீதி இருபத்தைந்தாயிரத்துச் சொச்சத்துக்கு எங்கே போவாய்? சாதாரண ஆர்.டி.யில் ஒரு மாதம் மட்டும் கூடுதலாகப் போட முடியாது. தீபாவளி போனஸ் இருபத்தைந்தாயிரம் வரும் என்றாயே, அதை அக்டோபர் ஐந்தாம் தேதியில் எட்டு மாத எஃப்.டி.யாகப் போடு. 6 சதவீதம் கிடைத்தால் ஜூன் ஐந்தில் 26,000. இரண்டும் சேர்ந்து 1,50,286. போனஸை நம்ப வேண்டாம் என்று தோன்றினால் தேவையான தொகையை 12.43ஆல் வகு, மாதம் சுமார் 12,070 கட்ட வேண்டியிருக்கும். இந்த 12.43 என்பது 6.5 சதவீதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் மட்டும் பொருந்தும்.

இனித் தேதி. ஆர்.டி.யை எந்தத் தேதியில் தொடங்குகிறாயோ அந்தத் தேதியில்தான் மாதாமாதம் பணம் எடுப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்றாம் தேதி வைத்தேன். சம்பளம் சில மாதம் இரண்டாம் தேதி, சில மாதம் மூன்றாம் தேதி வரும். கணக்கில் பணமில்லாமல் தவணை தவறிவிடும். தாமதத்துக்கு நூறு ரூபாய்க்கு மாதம் ஒன்றரை ரூபாய் அபராதம் பிடிக்கிற பேங்குகள் உண்டு. உன் பத்தாயிரத்துக்கு அது 150 ரூபாய். ஒரு மாத வட்டியே 54தான் என்று மேலே பார்த்தோம். அதனால் ஐந்தாம் தேதி வை. ஜூன் ஐந்தில் தொடங்கினால் கடைசித் தவணை மே ஐந்து, முதிர்வு அடுத்த ஜூன் ஐந்து. ஃபீஸ் கட்டக் கடைசி நாள் அதற்கு முன்னால் வருமா என்று காலேஜில் கேட்டுக்கொள்.

நடுவில் அவசரம் வந்தால் ஆர்.டி.யில் பாதியை மட்டும் எடுக்க முடியாது, முழுசாக முடிக்க வேண்டும். அப்போது பேசிய 6.5 கிடைக்காது, பணம் இருந்த காலத்துக்கான விகிதத்திலிருந்து பெரும்பாலும் ஒரு சதவீதம் வரை கழிப்பார்கள். ஏழாம் மாதம் உடைத்தால் உனக்கு நஷ்டம் நானூறு ரூபாய்போலத்தான் ஆகும். பெரிய தொகை இல்லை, ஆனால் இருபதாயிரத்துக்காக எழுபதாயிரமும் சேமிப்புக் கணக்குக்கு வந்துவிடும், அங்கே வந்த பணம் திரும்ப உள்ளே போய் நான் அதிகம் பார்த்ததில்லை. எனவே ஒரே பத்தாயிரமாகத் தொடங்காமல் ஆறாயிரத்துக்கு ஒன்று, நாலாயிரத்துக்கு ஒன்று என்று இரண்டாகத் தொடங்கு. உடைக்க நேர்ந்தால் சின்னதை உடை.

உங்கள் தெருவில் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. பிடிக்கும் ஏஜென்ட் அக்கா உன்னிடமும் வருவார். நல்ல திட்டம்தான், 2023 அக்டோபரில் வட்டியை 6.7 ஆக்கினார்கள். ஆனால் அது ஐந்து வருடக் கணக்கு. மூன்று வருடம் ஆகாமல் முடிக்க விடமாட்டார்கள், அதன் பிறகு முடித்தாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான். உன் ஜூனுக்கு அது ஆகாது.

இந்த வட்டிக்கு டி.டி.எஸ். பிடிக்க மாட்டார்கள், ஒரே பேங்கில் வருடத்துக்கு ஐம்பதாயிரம் தாண்டினால்தான் பிடிப்பார்கள். ஆனாலும் அது உன் வருமானம், ரிட்டர்னில் காட்ட வேண்டும்.

அக்டோபரில் அந்த எஃப்.டி.யை ஆப்பில் போடும்போது கடைசிப் பக்கத்தைப் பார். முதிர்ந்ததும் என்ன செய்ய என்று கேட்கும் இடத்தில் ஆட்டோ ரினியூவல் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கக்கூடும். அப்படியே விட்டால் ஜூன் ஐந்தாம் தேதி உன் இருபத்தாறாயிரம் தானாக இன்னொரு எட்டு மாதத்துக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், நீ ஃபீஸ் கவுன்டரில் நின்றுகொண்டிருப்பாய். அதை எடுத்துவிட்டு, பணம் சேமிப்புக் கணக்குக்கு வரும்படி மாற்று.

அன்புடன்,
பெரியப்பா