நேரடி ஒளிபரப்பில் சேலை விற்பனை: ஒரு பாடம்

திருத்தணி மலைக்கு வரும் யாத்ரீகர், சங்கத்தின் விற்பனைச் சாலைக்குள் நுழைந்தால், சேலையைத் தொட்டு, விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குகிறார். கைப்பேசியில் பார்ப்பவருக்கு இவ்வசதி இல்லை. அவருடைய கண்ணும் கையுமாக நாமே இருக்க வேண்டும். இத்தகைய விற்பனையில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை எண் குழப்பத்திலிருந்தே பிறக்கின்றன. ஆகவே எண் என்ற ஒன்றையே இப்பாடத்தின் கயிறாகக் கொண்டு, காட்டுதல், ஆர்டர் பெறுதல், பணம் பெறுதல், கட்டி அனுப்புதல் ஆகிய நான்கையும் அதில் கோத்துக் காட்டுவோம்.

நேரடி ஒளிபரப்புக்குள்ளேயே பொருளை வாங்கும் வசதியை ஃபேஸ்புக் நிறுவனம் 2022 அக்டோபர் 1ஆம் தேதியோடும், இன்ஸ்டாகிராம் 2023 மார்ச் மாதத்தோடும் நிறுத்திவிட்டன. எனவே நம்மைப் போன்ற சங்கம் காட்டுவது ஓரிடம், ஆர்டர் வருவது வாட்ஸ்அப், பணம் சேர்வது வங்கிக் கணக்கு என்று மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. இம்மூன்றையும் இணைப்பது சேலையில் கட்டிய எண் ஒன்றே. யூ ட்யூபில் கைப்பேசி வழியாக ஒளிபரப்ப விரும்புவோர், குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும் என்பதையும், முதல் முறை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதையும் நினைவில் வைத்தல் நலம்.

1. காட்டுதல்

ஒளிபரப்புக்கு எடுக்கும் ஒவ்வொரு சேலைக்கும் அட்டைச் சீட்டில் எண் எழுதி முந்தியில் கட்ட வேண்டும். அதே எண்ணில் இருப்புப் புத்தகத்திலிருந்து வழங்கல் பதிவும் ஆக வேண்டும். காட்டும்போது எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதிப் பிடித்தல் அவசியம். நம் பார்வையாளரில் தெலுங்கு பேசுவோர் பலர். நகரி, புத்தூர் பக்கமும் நமக்கு வாடிக்கை உண்டு. தமிழில் சொல்லும் எண் அவர்கள் எல்லாருக்கும் தெளிவாக விளங்கும் என்று சொல்ல முடியாது. பலகையில் 7 என்று எழுதிவிட்டால் இச்சிக்கல் எழாது.

நிறத்தில்தான் பெரும்பாலான மனஸ்தாபங்கள் பிறக்கின்றன. கைப்பேசியின் படக்கருவி தானாகவே நிறத்தைச் சரிசெய்யும் இயல்புடையது. சிவப்புச் சேலை திரை முழுவதையும் மறைத்தால் அது அந்தச் சிவப்பைத் தணித்துவிடும். ஆகவே பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம், சேலைக்கு அருகே ஒரு வெள்ளை வேட்டியை விரித்து வைக்க வேண்டும். வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறங்களும் ஏறக்குறைய சரியாகத் தெரியும். அழகுபடுத்தும் வசதிகளை அடைத்துவிடுக. பிறகு உடல், கரை, முந்தி, ரவிக்கைத் துண்டு என்ற வரிசையில் காட்டி, நீளத்தையும் நூல் நம்பரையும் சொல்லுக. கைத்தறிச் சேலை என்று சொல்வதும் பொறுப்புள்ள சொல். நம் வட்டாரத்தில் விசைத்தறியும் ஓடுகிறது. கண்ணால் பார்த்து மட்டும் இரண்டையும் பிரித்தல் எளிதன்று. 2006இல் தொடங்கப்பட்ட கைத்தறி முத்திரைச் சீட்டு உள்ள சரக்கில், அச்சீட்டையும் திரையருகே காட்டுக.

2. ஆர்டர் பெறுதல்

நாம் பேசுவது பார்ப்பவரைச் சில வினாடிகள் கழித்தே சென்றடைகிறது. ஒவ்வொருவருக்கும் அத்தாமதம் ஒரே அளவில் இராது. ஆகவே ஒளிபரப்பின் கீழே எழுதுபவர்களில் யார் முந்தியவர் என்று தீர்மானிப்பது சண்டைக்கு விதை. "சங்கத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்கு வந்து சேர்ந்த வரிசையே வரிசை" என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுக. அதிலும் ஒரு கண்ணி உண்டு. முதலில் எழுதியவர் இன்னொரு செய்தி அனுப்பினால், பட்டியலில் அவர் பெயர் மேலேறிப் பிந்தியவர் போலத் தோன்றும். இதைத் தவிர்க்க, ஒரு சிப்பந்தி செய்தி வந்தவுடனேயே நோட்டில் சேலை எண், பெயர், நேரம் ஆகியவற்றை எழுதிவர வேண்டும்.

உதாரணம் பார்ப்போம். 17ஆம் எண் சேலை, விலை ரூ. 1,450; அனுப்புசெலவு ரூ. 90, மொத்தம் ரூ. 1,540. மாலை 4-42க்குச் சித்தூரிலிருந்து ஓர் அம்மையார், அதே நிமிஷத்தில் அரக்கோணத்திலிருந்து ஒருவர், 4-43க்குச் சென்னையிலிருந்து ஒருவர் கேட்கின்றனர். நோட்டில் வந்த வரிசைப்படி சித்தூர் அம்மையாருக்கு, "17 உங்களுக்கு, 5-15க்குள் பணம் வர வேண்டும்" என்று பதில் செல்கிறது. மற்ற இருவருக்கும், "உங்கள் வரிசை இரண்டு", "மூன்று" என்று அப்போதே தெரிவிக்கப்படுகிறது. 5-15க்குப் பணம் வராவிடில் அரக்கோணத்தாருக்குப் போகும். எவருக்கும் வாக்குத் தவறுவதில்லை.

3. பணம் பெறுதல்

இங்குதான் ஆய்வாளர் என்ற முறையில் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டியுள்ளது. வாடிக்கையாளருக்கு அனுப்பும் கியூ.ஆர். குறியீடு சங்கத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கினதாகவே இருக்க வேண்டும். விற்பனையாளரின் சொந்தக் கைப்பேசி எண்ணுக்குப் பணம் வரச் சொல்வது, எண்ணம் எவ்வளவு நல்லதாயினும், அங்கத்தினர்களின் பணத்தைத் தனியார் பையில் போட்டு வைப்பதற்கு ஒப்பாகும். தணிக்கையில் அதற்கு விடை சொல்ல இயலாது.

பணம் செலுத்தியதாக வாடிக்கையாளர் அனுப்பும் திரைப்படம் ரசீது அன்று. அதைப் போலியாகத் தயாரிப்பது கடினமன்று. சங்கக் கணக்கில் ரூ. 1,540 வரவாகி, அதனுடன் வரும் 12 இலக்க யூ.பி.ஐ. எண் பொருந்தினால் மட்டுமே நோட்டில் 'வரவு' என்று எழுதுக. பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை நாம் தட்டவேண்டியதில்லை. தட்டுமாறு யாரேனும் சொன்னால் அது நம் பணத்தை எடுக்கும் சூது என்று அறிக.

4. கட்டி அனுப்புதல்

மடிப்பைப் பிரித்து, முழு நீளமும் பார்த்து, அறுந்த இழை, கறை இருந்தால் அனுப்பாது வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட வேண்டும். பிறகு எண் சீட்டு, சேலை, மடித்தல், உறையிடல், எடை போடல் வரை ஒரே தொடர்ச்சியான படமாக எடுத்து வைக்கவும். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறை உள்ளே கட்டாயம். முகவரிச் சீட்டு மேலே ஒன்றும் உள்ளே ஒன்றும் இருத்தல் நன்று. மேலுள்ளது கிழிந்தாலும் பொருள் தவறாது. 2025 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டுப் பதிவுத் தபால், ஸ்பீட் போஸ்டுடன் இணைக்கப்பட்டுள்ளது. தபால் ரசீதிலுள்ள எடையை நம் எடையுடன் ஒப்பிட்டு வைத்தால், "உறை வெறுமையாக வந்தது" என்ற புகார் எழும்போது அதுவே சான்றாகும். கண்காணிப்பு எண்ணை அன்றைய மாலைக்குள் வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுக.

கடைசியாக ஒரு கணக்கு. 24 சேலைகள் கிடங்கிலிருந்து எடுக்கப்பட்டு, 15 ஆர்டர்கள் வந்து, 2 பணம் வராது நீங்கினால், 13 வரவுகளும் 13 பட்டியல்களும் 13 தபால் ரசீதுகளும் இருக்க வேண்டும். 11 சேலைகள் கிடங்குக்குத் திரும்ப வேண்டும். இவ்வெண்கள் அன்றிரவே பொருந்தாவிடில், காலையில் தறி முன் அமரும் நெசவாளருக்குக் கூலிக் கணக்கு எழுதும் முன்பே எந்த எண்ணில் பிசகு என்று தேடிக் கண்டுபிடித்தல் சங்கத்தின் கடமை.