பாட்டியின் அலாரம்

வியாழக்கிழமை இரவு பாட்டியின் மாத்திரைப் பெட்டியைக் கவின் திறந்து பார்த்தான். இரண்டு நாள் மாத்திரைகள் அப்படியே இருந்தன.

“இரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிட்டேனப்பா,” என்றார் பாட்டி.

கவின் அவரது கைத்தொலைபேசியில் கடிகாரப் படத்தைத் தொட்டு, கூட்டல் குறியை அழுத்தி, காலை 8 மணிக்கு அலாரம் வைக்கக் கற்றுக்கொடுத்தான். வெள்ளியன்று அலாரம் ஒலித்தது, சனியன்று ஒலிக்கவில்லை.

“கிழமைகளைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒருமுறைதான் ஒலிக்கும், பாட்டி.”

பாட்டி ஏழு கிழமைகளையும் தாமே தொட்டார். பிறகு வீட்டில் ஓயாமல் அலாரம் ஒலித்தது.

“கவின், பள்ளிக்கு நேரமாகிவிட்டது!”

“தம்பி, குடையை எடுத்துக்கொள்!” என்று அப்பாவிடம் சொன்னார்.

“அம்மாடி, துணியை எடு!” என்று அம்மாவை அழைத்தார்.

ஒரு வாரம் கழித்துக் கவின் மீண்டும் பெட்டியைத் திறந்தான். புதன்கிழமை மாத்திரை உள்ளேயே இருந்தது.

“யாருக்கோ வைத்த அலாரம் என்று நினைத்து நிறுத்திவிட்டேன்,” என்றார் பாட்டி.

கவின் எட்டு மணி அலாரத்திற்கு மட்டும் வேறோர் ஒலியை வைத்தான். “மாத்திரையை விழுங்கிய பிறகே இதை நிறுத்த வேண்டும், பாட்டி!”

மறுநாள் காலை அந்த ஒலி நெடுநேரம் கேட்டது. வீட்டில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.