பெட்டியிலிருந்த மூன்று காகிதங்கள்

(சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடக் கதை. கதையில் வருவோர் கற்பனை மாந்தர். சொல்லப்படும் சட்டம் உண்மையானது.)

மரக்காணத்து உப்பளங்களில் வேலை செய்து பிழைப்போர் கூனிமேட்டில் உண்டு. கோடையில் உப்பு வாரலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் மூழ்கிவிடும். கூலியில்லாத அம்மாதங்களில்தான் கடன் பிறக்கிறது.

அவ்விதத் தொழிலாளி ஒருவர் காலமானார். பதினாறாம் நாள் கழிந்தபின் அவர் மனைவி தகரப் பெட்டியைத் திறந்தாள். அதில் அவள் அறியாத மூன்று காகிதங்கள் இருந்தன. தன் சங்கிலியைச் சங்கத்தில் ஈடு வைத்து வாங்கிய ரூ.15,000-க்கு ரசீது ஒன்று, ரூ.20,000-க்கு எழுதிய புரோநோட்டின் நகல் ஒன்று. மளிகைக் கடைப் பாக்கி ரூ.3,200 என்று ஐந்து வருஷத்திற்கு முன் குறித்த துண்டுச் சீட்டு ஒன்று. "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவள் அழுதாள்.

மறுநாளே புரோநோட்டுக்காரர் வந்தார். "அம்மா, நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. 34 மாத வட்டி 13,600. அசலோடு 33,600 ஆகிறது. பணம் இப்போது வேண்டாம். உங்கள் பெயரில் புது நோட்டு எழுதிக் கையெழுத்திட்டால் போதும்" என்றார்.

அவள் யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு, காகிதங்களுடன் சங்கக் காரியதரிசியிடம் சென்றாள்.

காரியதரிசி கூறியதாவது: "கையெழுத்திடாதீர்கள், அம்மா. இறந்தவர் கடனுக்கு அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்கே வாரிசு பொறுப்பாளி. புது நோட்டு எழுதினால் அது உங்கள் சொந்தக் கடனாகிவிடும். உங்கள் தகப்பனார் உங்கள் பெயருக்கு எழுதிய வீடும் அதற்குப் பதில் சொல்ல நேரிடும். வட்டியும் அசலாகி, மாதம் 672 ரூபாய் வட்டி ஓடும்."

"அவர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார், ஐயா?"

"கேட்டவுடன் கொடுப்பதாக எழுதிய நோட்டின்மேல், எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷத்திற்குள் வழக்கிட வேண்டும். இன்னும் இரண்டு மாதமே உள்ளது. புதுக் கையெழுத்து கிடைத்தால் அவருக்குப் புதுக் கெடு கிடைக்கும். ஆயினும் அந்த இரண்டு மாதத்திற்குள் அவர் வழக்கிடலாம். ஆகையால் சும்மாவும் இருக்கக் கூடாது."

பிறகு இருவரும் கணக்கெழுதினர். புருஷன் விட்டுப்போன மோட்டார் சைக்கிளை விற்றால் ரூ.24,000, சங்கத்திலிருந்த சேமிப்பு ரூ.8,000. ஆக 32,000. கடன்காரருக்குப் பொறுப்பான சொத்து இவ்வளவே. வீடும், அவள் சொந்தக் கூலியும் இதில் சேரா.

முதலில் நகைக் கடன். வாயிதா தப்பினால் சங்கிலி ஏலத்திற்குப் போகும். அதன் விலையோ கடனைவிட மிக அதிகம். மரணச் சான்றும் வாரிசுச் சான்றும் கொடுத்து, வட்டியுடன் ரூ.16,500 கட்டி அதை மீட்பது என்று முடிவாயிற்று. மீதி ரூ.15,500.

அடுத்து புரோநோட்டு. புருஷனின் நோட்டுப் புத்தகத்தில் ஐந்து தவணையாக ரூ.9,000 கொடுத்ததாகக் குறிப்பிருந்தது. ஆனால் புரோநோட்டின் பின்புறத்தில் ஒரு வரவும் எழுதப்படவில்லை. ஊர்ப் பெரியவர் இருவர் முன்னிலையில் அப்புத்தகத்தைக் காட்டியதும், வாங்கியது உண்மையே எனக் கடன்காரர் ஒப்பினார். வட்டி விகிதம் அரசு அனுமதித்த உச்ச அளவை மீறியதையும், அளவுகடந்த வட்டியைத் தடுக்க 2003-ல் தனிச் சட்டம் வந்திருப்பதையும் காரியதரிசி எடுத்துச் சொன்னார். சொத்தில் மிஞ்சியதும் அவ்வளவே என்று கண்டு, கடன்காரர் ரூ.15,500-ஐ முழுத் தீர்வாக ஏற்றார். பணம் எண்ணும்போதே அசல் நோட்டின்மேல் 'பைசலாயிற்று' என்று எழுதிக் கையொப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாவது, மளிகைப் பாக்கி. "இது காலாவதியான கடன், கோர்ட்டு மூலம் வசூலிக்க முடியாது. கொடுப்பதாக எழுதிக் கொடுத்தால் மட்டும் மறுபடி உயிர் பெறும்" என்றார் காரியதரிசி.

அவள் சற்று நேரம் மௌனமாயிருந்தாள். "மழைக்காலத்தில் என் பிள்ளைகள் உண்டது அந்த அரிசி. எழுதித் தரமாட்டேன், ஆனால் கொடுத்துவிடுவேன்" என்றாள். மாசி முதல் புரட்டாசி வரை எட்டு மாதம், உப்பளக் கூலியிலிருந்து மாதம் ரூ.400 என்று தீர்மானித்தாள். ஒவ்வொரு தவணைக்கும் கடைக்காரரிடம் ரசீது கேட்டு வாங்கினாள்.

அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியது: அந்த 9,000 ரூபாயைக் காப்பாற்றியது கடன்காரரின் நேர்மையே. அவர் மறுத்திருந்தால் நோட்டுப் புத்தகம் மட்டும் போதிய சாட்சியமாயிராது. ஆகவே தவணை கொடுக்கும்போதெல்லாம் தொகையையும் தேதியையும் புரோநோட்டின் பின்புறத்திலேயே எழுதச் செய்யுங்கள், அல்லது கையொப்பமிட்ட ரசீது பெறுங்கள். எந்தக் கடன், யாரிடம், எவ்வளவு என்பதை மனைவி அறியும்படி ஒரே புத்தகத்தில் குறித்து வையுங்கள்.