‘@’ கேட்டால் மேற்கோள் குறி வருகிறதா?

நம்பிக்கை: தட்டிய எழுத்து வராமல் வேறு எழுத்து வந்தால் கீபோர்டு போய்விட்டது.

பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரி விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தாள். மின்னஞ்சல் முகவரியில் @ மட்டும் விழவே இல்லை. ஷிஃப்டோடு 2-ஐத் தட்டினால் " வந்தது. தெரிந்த கடையில் கேட்டதற்கு, பார்க்காமலே, “கீபோர்டு மாத்தணும்மா, 2,800 ரூபாய் ஆகும்” என்று சொல்லிவிட்டார்களாம். அவள் அப்பா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

நோட்பேடைத் திறந்து, மேல் வரிசையை ஷிஃப்டோடு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். 3-இல் # வரவேண்டிய இடத்தில் £ வந்தது. காணாமல்போன @, என்டருக்கு இடப்பக்கமுள்ள மேற்கோள் விசையில் உட்கார்ந்திருந்தது. எழுத்துகள், எண்கள் எல்லாம் சரி. பத்து முறை தட்டினாலும் பத்து முறையும் அதே மாற்றம்தான்.

பழுதுக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்காது. இது பிரிட்டன் விசையமைப்பு. நம் கடைகளில் விற்கும் கீபோர்டுகளில் பெரும்பாலும் அச்சடித்திருப்பது அமெரிக்க அமைப்பு. விசையின் மேல் என்ன அச்சாகியிருக்கிறது என்பது கணினிக்குத் தெரியாது. ‘இந்த இடத்திலுள்ள விசை அழுந்தியது’ என்று ஒரு எண்ணைத்தான் கீபோர்டு அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று முடிவுசெய்வது விண்டோஸ்.

அவருக்கு நம்பிக்கை வரவேண்டும் என்பதற்காக என் மேசைக் கணினியின் யுஎஸ்பி கீபோர்டைக் கழற்றி அவர் லேப்டாப்பில் செருகினேன். அதிலும் ஷிஃப்ட் + 2 தட்டினால் அதே " தான். இரண்டு கீபோர்டும் ஒரே மாதிரி கெட்டுப்போக வழியில்லையே. திரையின் வலது கீழ் மூலையில் ENG, அதன் கீழே UK என்று இருந்தது. விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ்பாரைத் தட்டியதும் US ஆனது, @ விழுந்தது. மறுபடி மாறிவிடக் கூடாது என்று Settings-இல் Time & language பகுதிக்குப் போய், தேவையில்லாத English (United Kingdom)-ஐ நீக்கிவிட்டோம்.

நம்பிக்கை: வெளிக் கீபோர்டில் சரியாக வந்தால், லேப்டாப் கீபோர்டு பழுது.

பெரும்பாலும் உண்மை. ஆனால் பலரை ஏமாற்றும் ஒரு விலக்கு உண்டு. வலப்பக்கம் தனி எண்பலகை இல்லாத சில லேப்டாப்களில் U, I, O விசைகளின் ஓரத்தில் 4, 5, 6 என்றும், J, K, L-இல் 1, 2, 3 என்றும், M-இல் 0 என்றும் சிறிதாக அச்சாகியிருக்கும். Num Lock விழுந்துவிட்டால் அந்த எழுத்துகள் எண்களாகிவிடும். kumar என்று அடித்தால் 240ar வரும். இந்த மாற்றம் லேப்டாப் கீபோர்டின் உள்ளேயே நடப்பதால் வெளிக் கீபோர்டில் எழுத்துகள் ஒழுங்காகவே வரும். அதைப் பார்த்துவிட்டு ‘பழுது’ என்று தீர்ப்பெழுதிவிட வேண்டாம். எழுத்துக்குப் பதில் எண் வருகிறதென்றால் முதலில் Num Lock-ஐ அணையுங்கள். சிலவற்றில் Fn-ஐச் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

நம்பிக்கை: வெளிக் கீபோர்டிலும் தப்பாக வந்தால், அமைப்புதான் காரணம்.

இதிலும் ஒரு விலக்கு. லேப்டாப்பின் ஷிஃப்ட் விசை உள்ளே அழுந்தியபடி சிக்கிக்கொண்டால், வெளிக் கீபோர்டில் 1 தட்டினாலும் ! வரும். எந்தக் கீபோர்டில் ஷிஃப்ட் அழுந்தியிருந்தாலும் விண்டோஸ் அதை எல்லாவற்றுக்கும் பொதுவாக எடுத்துக்கொள்வதுதான் காரணம். விண்டோஸ் விசையோடு R தட்டி, `osk` என்று கொடுத்தால் திரையில் ஒரு கீபோர்டு விரியும். அந்த மூன்று எழுத்தையே அடிக்க முடியாவிட்டால் ஸ்டார்ட் மெனுவில் தேடி மவுஸாலேயே திறக்கலாம். பிறகு இரண்டு கீபோர்டிலிருந்தும் கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். கணினியை மூடித் திறந்த பிறகும் ஷிஃப்ட் தானாக அழுந்திய நிறத்தில் நின்றால், சிக்கல் விசையில்தான்.

அசல் பழுது எப்படி இருக்கும்?

தேநீர் கொட்டிய லேப்டாப்பில் ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்துகள் சேர்ந்து விழும். காலையில் வந்த எழுத்து மாலையில் வராது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து விசைகள் ஒரே நாளில் செத்துப்போவதும் உண்டு. விசைகள் உள்ளே குறுக்கும் நெடுக்குமான மின்தடங்களில் கோத்திருக்கின்றன; ஒரு தடம் அறுந்தால் அதிலுள்ள விசைகள் எல்லாம் ஒன்றாகப் போகும். இப்படி இருந்து, Num Lock-உம் அணைந்திருந்து, வெளிக் கீபோர்டு மட்டும் பிசகாமல் அடித்தால் பழுது உள்ளேதான். அப்போதும், கீபோர்டிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் பட்டைக் கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அது தளர்ந்திருந்தாலும் இதே கோளாறுதான் தெரியும். அப்படியென்றால் புதுக் கீபோர்டு வாங்க வேண்டியிருக்காது.