கேக் வெட்டியது அம்மா, கேப்ஷன் எழுதுவது நீ

சர்ப்ரைஸ் பார்ட்டி முடிந்த மறுநாள் காலையில் போட்டோவைப் போட உட்காரும்போது தங்கச்சிகளுக்கு ஒரே சிக்கல்தான் வரும். ரகசியமாக ஓடியாடிய அத்தனை பேரையும் சொல்லியாக வேண்டும், ஒரு பெயர் விட்டால் சித்தி பேசமாட்டார். எல்லாரையும் சொன்னாலோ பிறந்தநாள் யாருக்கென்றே தெரியாமல், கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பட்டியல் போட்ட மாதிரி ஆகிவிடும். இரண்டையும் ஒரே கேப்ஷனில் செய்ய வழி இருக்கிறது. ஒரு வீட்டை எடுத்துக்கொண்டே சொல்கிறேன்.

மதுரையில் ஒரு அம்மாவுக்கு அறுபதாவது பிறந்தநாள். மொட்டை மாடியில் பந்தல். மாலையில் அம்மாவை மீனாட்சி அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போகும் பொறுப்பு அத்தைக்கு. நல்ல யோசனை அது. 2018 முதல் அந்தக் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வெளியே பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் யாராவது தவறுதலாக அம்மாவுக்கே மெசேஜ் அனுப்பினாலும் அந்த இரண்டு மணி நேரம் பயமில்லை. வெளியே வந்ததும் ஜிகர்தண்டா. அதற்குள் மாடியில் மாமா லைட் கட்டி முடித்துவிட்டார். கேக் எதிர்வீட்டு ஃப்ரிட்ஜில். அப்பா ஒன்றும் தெரியாதவர்போல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இந்த வீட்டுப் பெண் முதலில் எழுதிய கேப்ஷன் இது:

"ஒரு மாசமா பிளான் பண்ணி, ராத்திரி ராத்திரியா பேசி, யாருக்கும் தெரியாம எல்லாத்தையும் ரெடி பண்ணி, கடைசியில சாதிச்சிட்டோம்! அப்பா, மாமா, அத்தை, அண்ணி, எதிர்வீட்டு அக்கா எல்லாருக்கும் தேங்க்ஸ். ஹேப்பி பர்த்டே அம்மா."

இதில் யார்மேலும் தப்பில்லை, சந்தோஷத்தில் அப்படித்தான் வரும். ஆனால் வினைகளைப் பார். பிளான் பண்ணியது, பேசியது, ரெடி பண்ணியது, சாதித்தது எல்லாமே "நாங்க". அம்மா எதுவுமே செய்யவில்லை. கடைசி வரியில் வாழ்த்து வாங்க மட்டும் வருகிறார். நீ எழுதியதையும் இப்படிச் சோதித்துப் பார். வினைச்சொற்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போ. "நாங்க" செய்தவை நாலைந்து இருந்து, அம்மா செய்த வேலை ஒன்றுகூட இல்லாவிட்டால் அது பார்ட்டி நடத்தியவர்களைப் பற்றிய கேப்ஷன்.

முதல் வரியை அம்மாவுக்கே கொடு. அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்து வரை எழுதலாம்தான், ஆனால் படத்துக்குக் கீழே சுமார் 125 எழுத்துதான் உடனே தெரியும். மீதி "மேலும்" என்பதை அழுத்தினால்தான் வரும். நம் தமிழில் இன்னொரு கணக்கு இருக்கிறது. நாம் "அம்மா" என்பதை மூன்று எழுத்து என்கிறோம், போன் அதை ஐந்தாக எண்ணும். புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியே எண்ணுவதால் அப்படி. எனவே அந்த 125 நமக்கு எழுபது, எழுபத்தைந்து எழுத்தாகச் சுருங்கிவிடும். "ஒரு மாசமா பிளான் பண்ணி" என்று தொடங்கினால் வெளியே தெரிவது நம் உழைப்பு மட்டும்தான், அம்மா உள்ளே மறைந்துவிடுவார்.

அந்த முதல் வரியில் என்ன எழுதுவது? "எங்கள் அன்புத் தெய்வம்" மாதிரி எந்த அம்மாவுக்கும் பொருந்துவதை எழுதாதே. கதவு திறந்த நொடியில் அவர் என்ன சொன்னார், என்ன செய்தார் என்பதை எழுது. பார்ட்டி அன்று ராத்திரியே அதைப் போனில் குறித்து வைத்துவிடு, காலைக்குள் சரியான வார்த்தை மறந்துபோகும். வீடியோ இருந்தால் போட்டுக் கேட்டுக்கொள். இந்த அம்மா கேட்டது, "யாருக்குடி கல்யாணம்?"

அடுத்தது நன்றி. இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இருக்கிறது: ஒவ்வொருவரையும் அம்மாவுக்கு அவர் என்ன உறவோ அந்த உறவால் சொல். உனக்கு மாமா, அம்மாவுக்குத் தம்பி. உனக்கு அத்தை, அம்மாவுக்கு நாத்தனார். உனக்கு அண்ணி, அம்மாவுக்கு மூத்த மருமகள். "மாமா லைட் கட்டினார்" என்றால் படிப்பவருக்கு எந்த மாமா என்று தெரியாது, அம்மாவும் அந்த வரியில் இல்லை. "லைட் கட்டினது உன் தம்பி" என்றால் மாமாவுக்குப் பேரும் கிடைத்தது, அம்மாவும் உள்ளே வந்துவிட்டார். எத்தனை பேரைச் சேர்த்தாலும் ஒவ்வொரு வரியும் சுற்றி அவரிடமே வந்து நிற்கும்.

பெயரோடு அவர் செய்த ஒரு வேலையையும் சொல், ஒன்று போதும். "எல்லா உதவியும் செய்த" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் கொடுத்ததாகாது. வரிசையில்தான் நம் வீடுகளில் மனஸ்தாபம் வரும். பெரியவர் முன்னாலா, அதிகம் உழைத்தவர் முன்னாலா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அன்று மாலை எது முதலில் நடந்ததோ அந்த வரிசையில் எழுது. கோயில், லைட், கேக் என்று கதை தன் போக்கில் போகும்போது யார் மேலே, யார் கீழே என்ற கேள்வியே எழாது.

யாரை விட்டோம் என்று பார்க்கப் படங்களை நம்பாதே. ஆளை வெளியே அழைத்துப்போனவர் அலங்கார வேலை நடக்கும் படங்களில் இருக்கமாட்டார். படம் எடுத்தவர் எதிலுமே இருக்கமாட்டார். பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இருவர்தான். பார்ட்டிக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குரூப்பின் உறுப்பினர் பட்டியலைத் திறந்து பெயர் பெயராகப் பார். பிறகு, குரூப்பில் இல்லாமல் விஷயம் தெரிந்தவர்கள் யார் என்று யோசி. எதிர்வீட்டு அக்கா, மாடிக்கு நாற்காலி தூக்கிக் கொடுத்த பையன், போன் இல்லாத பாட்டி எல்லாரும் இங்கேதான் கிடைப்பார்கள்.

இப்போது அந்தப் பெண் திருத்தி எழுதியது:

"மாடிக் கதவைத் திறந்ததும் 'யாருக்குடி கல்யாணம்?'னு கேட்டியே அம்மா, உனக்குத்தான் இந்தப் பந்தல்.

கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய், ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்து, ஏழரை மணி வரைக்கும் உன்னை வீட்டுப் பக்கம் விடாம பாத்துக்கிட்டது உன் நாத்தனார். அந்த நேரத்துல லைட் கட்டினது உன் தம்பி. ரெண்டு நாளா உன் கேக்கை ஃப்ரிட்ஜில ஒளிச்சு வச்சிருந்தது, தினமும் உன்கிட்ட கறிவேப்பிலை கேட்டு வர்ற எதிர்வீட்டு அக்கா. உன் சின்ன வயசு போட்டோவை எல்லாம் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்திட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி பேப்பர் படிச்சது அப்பா. எந்தப் படத்துலயும் இல்லாத உன் மூத்த மருமகதான் இத்தனை படத்தையும் எடுத்தது.

நீ என்ன பண்ணினே தெரியுமா? எல்லாரையும் சாப்பிட வச்சிட்டு, பாட்டிக்கு முதல் துண்டு கேக்கை ஊட்டிவிட்டுட்டுத்தான் உட்கார்ந்தே. அறுபதாவது பிறந்தநாள் வாழ்த்துகள் அம்மா."

முதல் வரி போன் கணக்கில் 93 எழுத்து, அழுத்தாமலே முழுதாகத் தெரியும். ஐந்து பேருக்குப் பெயர் வந்துவிட்டது, ஆனாலும் "உன்" என்ற சொல் விடாமல் அம்மாவைப் பிடித்து நிற்கிறது. எழுதிய பெண் தன்னைப்பற்றி ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. அது சரிதான். பக்கம் அவளுடையது, அவள் உழைத்தது எல்லாருக்கும் தெரியும். அம்மாவை "நீ" என்பதா "நீங்க" என்பதா என்று கேட்டால், வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறாயோ அப்படியே எழுது. ஊருக்காக மாற்றினால் அம்மாவுக்கே அந்நியமாக இருக்கும்.

ரகசியத்தில் எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதிலும் கவனம் வேண்டும். யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்பது கேப்ஷனுக்கு வரவே கூடாது. கொடுக்க முடியாதவரும் அதைப் படிப்பார். "மாமா ஸ்பான்சர்" என்று எழுதுவதும் அதே கணக்குதான். இன்னொன்று, காலையிலிருந்து வேண்டுமென்றே வாழ்த்தாமல் இருந்து அம்மாவின் முகம் வாடிப்போனதை வேடிக்கையாக எழுதாதே. அந்த நேரம் முழுக்க அவருக்கு நிஜமாகவே வலித்திருக்கும். கோயில், ஜிகர்தண்டா மாதிரி அவர் சந்தோஷமாக இருந்தபோது சொன்ன பொய்யை மட்டும் சொல்.

போடுவதற்கு முன்னால் அம்மாவிடம் படத்தையும் எழுதியதையும் காட்டிவிடு. வயதைச் சொல்ல அவருக்கு விருப்பமா, அழுத முகம் வெளியே போகலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் "அறுபதாவது" என்ற சொல்லை எடுத்துவிடு, வரி கெடாது. அழைக்க முடியாமல் போன சொந்தம் யாராவது இருந்தால், படம் வருவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடு. ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொண்டால் அந்த வருத்தம் கடைசியில் அம்மா தலையில்தான் விழும்.

டேக் செய்யும்போது ஒரு படத்தில் 20 பேர் வரைதான் போட முடியும். அம்மாவுக்குக் கணக்கு இருந்தால் முதல் டேக் அவருக்கு. எதிர்வீட்டு அக்காவுக்கு இன்ஸ்டா இருக்காது. அவரைப்பற்றி எழுதியதை அவரே படிக்காவிட்டால் நன்றி சேரவில்லை என்றுதான் அர்த்தம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை நம்பாதே. அது 24 மணி நேரத்தில் போய்விடும், இருவரும் ஒருவர் எண்ணை ஒருவர் சேமித்திருந்தால்தான் தெரியும். தனியாக அனுப்பு, இல்லாவிட்டால் போனை எடுத்துப்போய்க் காட்டு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பெயர் விட்டிருந்தால், "சாரி, இவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கமெண்ட்டில் தொங்கவிடாதே. இன்ஸ்டாவில் போட்ட பிறகும் கேப்ஷனைத் திருத்தலாம். அவர் செய்த வேலை அன்று எந்த நேரத்தில் நடந்ததோ, அந்த இடத்தைக் கண்டுபிடித்து அவர் வரியைச் சொருகிவிடு. குடும்ப குரூப்பில் அனுப்பிய மெசேஜ் என்றால் திருத்த 15 நிமிடம்தான் உண்டு. அதனால் குரூப்பில் போடுவதற்கு முன்னால் அத்தையிடம் ஒருமுறை படித்துக் காட்டு. யார் விட்டுப்போனது என்று உடனே சொல்லிவிடுவார்.