ஸ்கேனில் ஃபேட்டி லிவர், அடுத்தது சர்க்கரைப் பரிசோதனை

மண்ணரையில் பணி தொடங்கும் இளம் மருத்துவருக்கு,

வயிற்று ஸ்கேனில் ஈரலும் வலது சிறுநீரகமும் அருகருகே தெரியும். இயல்பான உடலில் இரண்டின் வெளுப்பும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஈரல் மட்டும் கூடுதலாக வெளுத்துத் தெரிந்தால் அறிக்கையில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று எழுதுவார்கள். ஈரலின் 20 முதல் 30 சதவீதம் வரை கொழுப்பு ஏறிய பிறகுதான் சாதாரண ஸ்கேனில் அது தெளிவாகப் பிடிபடும். ஆகவே கிரேடு 1 என்பது தொடக்க நிலை என்று எண்ணி விட்டுவிடக் கூடியதன்று. ஸ்கேனுக்கு எட்டாத அளவில் பல காலமாகவே கொழுப்பு சேர்ந்து வந்திருக்கும்.

அந்தக் கொழுப்புக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு இன்சுலின் வழியே அமைகிறது. சாப்பாடு இல்லாத நேரத்தில் ஈரல் சர்க்கரையை இரத்தத்துக்குள் விடுகிறது. சாப்பிட்டதும் இன்சுலின் சுரந்து அதை நிறுத்தச் சொல்கிறது. கொழுப்பேறிய ஈரலுக்கு அந்தச் சொல் சரியாக எட்டுவதில்லை. அது சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கிறது. ஈடுகட்டக் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின், உண்ட மாவுச்சத்திலிருந்து இன்னும் கொழுப்பை உண்டாக்க ஈரலைத் தூண்டுகிறது. கணையம் ஈடுகொடுக்கும் வரை இரத்தச் சர்க்கரை இயல்பாகவே இருக்கும். தளரத் தொடங்கும்போது, பலரிடம் முதலில் உயர்வது சாப்பிட்ட பிறகான சர்க்கரை. வெறும் வயிற்றுச் சர்க்கரை அப்போதும் நல்ல எண்ணையே காட்டக்கூடும்.

சென்னையில் இந்தத் தொடர்பு அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ‘க்யூர்ஸ்’ மக்கள் ஆய்வின் ஒரு பகுதி 2009இல் வெளியானது. 541 பேருக்கு ஸ்கேனும் குளுக்கோஸ் பரிசோதனையும் செய்யப்பட்டன. சர்க்கரை இயல்பாக இருந்தவர்களில் ஏறக்குறைய 23 சதவீதத்தினருக்கு ஃபேட்டி லிவர் இருந்தது. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களில் அது 33 சதவீதம். நீரிழிவு உள்ளவர்களில் 54 சதவீதத்துக்கும் மேல். இயல்பானவர்களிடமும் ஃபேட்டி லிவர் காணப்படுவதால் ஸ்கேனை மட்டும் வைத்து நீரிழிவு என்று சொல்ல இயலாது. ஆனால் ஃபேட்டி லிவர் உள்ளவரின் சர்க்கரையைப் பார்க்காமல் விட இந்த எண்கள் இடம் தருவதில்லை. ஐரோப்பிய ஈரல் மருத்துவச் சங்கத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இத்தகையோருக்கு நீரிழிவுப் பரிசோதனை கட்டாயம் என்றே கூறுகிறது.

மண்ணரைப் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில் அன்றாடம் காணக்கூடிய ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வயது 38, ஓவர்லாக் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர். பகலெல்லாம் மிஷின் முன் உட்கார்ந்த வேலை. இடைவேளைகளில் சர்க்கரை போட்ட டீயும் பன்னும். உயரம் 162 செ.மீ., எடை 63 கிலோ. பார்வைக்குக் குண்டானவர் இல்லை. ஆனால் இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்று பொருள். விலா ஓரத்து வலிக்காக ஸ்கேன் எடுத்ததில் சிறுநீரகத்தில் ஒரு சிறு கல்லும், கிரேடு 1 ஃபேட்டி லிவரும் தெரிந்தன. மதுப் பழக்கம் இல்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 97. நூற்றுக்குக் கீழ் இருப்பதால் பலர் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் அளவு 168. இது நீரிழிவுக்கு முந்தைய நிலை. வெறும் வயிற்று எண்ணை மட்டும் நம்பியிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

அந்த 2 மணி நேரப் பரிசோதனைக்கு முறை உண்டு. முந்தைய 3 நாட்கள் வழக்கமான சாப்பாடு தொடர வேண்டும். பயத்தில் சோற்றைக் குறைத்தால் எண் பிசகும். குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. ‘டீ மட்டும்தான் குடித்தேன்’ என்பது பட்டினி ஆகாது. நைட் ஷிப்ட் முடித்து நேராக வருபவருக்கு, இரவு தூங்கிய வேறொரு நாளைக் குறிப்பது நல்லது. முதல் இரத்தம் எடுத்த பிறகு 75 கிராம் குளுக்கோஸை ஒரு டம்ளர் தண்ணீரில், சுமார் 300 மி.லி. அளவில் கரைத்து, 5 நிமிடத்துக்குள் குடிக்க வைக்க வேண்டும். மெடிக்கலில் கிடைக்கும் தூள் மோனோஹைட்ரேட் வகையாக இருந்தால் அதில் நீரும் சேர்ந்திருப்பதால் 82.5 கிராம் எடுக்க வேண்டும். குடிக்கத் தொடங்கிய நிமிடத்திலிருந்து நேரம் கணக்கு. 2 மணி நேரம் முடியும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும், புகை கூடாது. எடுத்த இரத்தம் ஃப்ளூரைடு உள்ள குழாயில் போக வேண்டும். சாதாரணக் குழாயில் நெடுநேரம் கிடந்தால் இரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று எண்ணைக் குறைத்துவிடும். இட்லி சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து எடுப்பது இதற்கு மாற்றாகாது. எத்தனை இட்லி என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

முடிவைப் படிப்பது எளிது. 2 மணி நேர அளவு 140க்குக் கீழ் இயல்பு. 140 முதல் 199 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. 200இலிருந்து நீரிழிவு. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை முந்தைய நிலை, 126இலிருந்து நீரிழிவு. அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஓர் எண்ணை வைத்து நீரிழிவு என்று எழுதக் கூடாது. இரண்டாவது பரிசோதனையும் அதையே சொல்ல வேண்டும்.

2 மணி நேரம் காத்திருக்க முடியாதவருக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி உதவும்: 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை, 6.5இலிருந்து நீரிழிவு. பட்டினியும் தேவையில்லை; ஒருநாள் சம்பளமும் போகாது. ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்த சோகையில் இந்த எண் பொய்யாக உயரலாம். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களில் பொய்யாகத் தாழலாம். அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வெளிறிய முகத்துடன் வரும் செக்கிங் பிரிவுப் பெண்ணுக்கு எச்பிஏ1சி 5.9 என்று வந்தால், குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையே முடிவு சொல்லும்.

168 என்ற எண்ணைக் கண்டுபிடிப்பதால் என்ன பயன் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. இதே நிலையில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றார்கள். பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 3 ஆண்டுகளில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. தினமும் அரை மணி நேர நடையும் உணவு மாற்றமும் கற்றுத்தந்து தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் அது 39 சதவீதம். ஓவர்லாக் டெய்லருக்கும் இதே வழிதான்: டீயில் சர்க்கரையை நிறுத்துவது, பன்னுக்குப் பதில் சுண்டல், வேலை முடிந்து அரை மணி நேர நடை, எடையில் 3 முதல் 5 கிலோ குறைப்பு. எடை குறையும்போது ஈரல் கொழுப்பும் குறையும். அவருக்கு ஆண்டுதோறும் சர்க்கரைப் பரிசோதனை வேண்டும். முதல் முறை இயல்பாக வந்தவரும், ஃபேட்டி லிவர் இருக்கும் வரை 3 ஆண்டுகளுக்கு மேல் மறுபரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த பரிசோதனைத் தேதியை ஸ்கேன் அறிக்கையின் மேலேயே எழுதிக் கொடுத்தால், கம்பெனி மாறினாலும் ஊர் மாறினாலும் அது அவருடனேயே போகும்.