பாடம் 7 – பச்சை நூல்

நுழையும் முன்

மாணவர்களே, உங்களுள் பலர் கடலிலிருந்து வெகுதொலைவில் வாழ்கிறீர்கள். ஆகவே கதைக்குள் செல்லுமுன் ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். டால்பினை இராமநாதபுரக் கடற்கரை மீனவர்கள் ‘ஓங்கில்’ என்று அழைக்கின்றனர். அது கடலில் வாழ்ந்தாலும் மீன் அன்று. நம்மைப் போலவே நுரையீரலால் மூச்சு விடுகிறது. குட்டியை ஈன்று பாலூட்டுகிறது. அதன் மூக்குத் துளை தலையின் உச்சியில் இருக்கிறது. இந்தக் கதையில் நிகழும் ஒவ்வொன்றும் அந்தச் சிறு துளையைப் பொறுத்தது.

கதை

வாலிநோக்கத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் முத்துமாரி வாழ்ந்து வந்தாள். அவள் தந்தை முனியசாமி சிறிய வள்ளம் ஒன்று வைத்திருந்தார். இரவில் வலை விரித்து, விடியலில் கரை திரும்புவது அவர் வழக்கம். வலையில் விழுந்த கிழிசல்களை மாலைதோறும் பின்னிச் சரிசெய்வது முத்துமாரியின் வேலை.

தை மாதத்து விடியற்காலை. தந்தையின் வருகையை எதிர்நோக்கிக் கரையில் நடந்துகொண்டிருந்தாள் முத்துமாரி. நீர் வற்றிய மணலில் கரியதாக ஏதோ ஒன்று கிடந்தது. பழைய சாக்கு என்று எண்ணிக் கடக்க முற்பட்டபோது, ‘புஸ்’ என்று மூச்சு எழுந்தது. திடுக்கிட்டு நின்றாள். அது ஓர் ஓங்கில் குட்டி. இரண்டு முழத்துக்குச் சற்று மிகுதியான நீளம்; ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

“ஐயோ, கடலுக்குப் போ!” என்று கூவியவாறு அதனை நீருக்குள் தள்ளினாள். ஆனால், அது நீந்தவில்லை. ஓர் அலை வந்து அதனைப் புரட்டியது. மூச்சுத் துளை மணல் கலந்த நீரில் அமிழ்ந்தது. அடுத்த அலை அதனை மீண்டும் அவள் காலடியிலேயே கொண்டுவந்து போட்டது. மீண்டும் தள்ளக் குனிந்தாள்.

“நிறுத்து, மாரி!” என்று குரல் கேட்டது. கருவாடு காயவைக்க வந்த அப்பத்தா விரைந்து வந்தார். “சோர்ந்து கிடப்பதைத் தள்ளினால் அது மூழ்கித்தான் போகும். மீனுக்கு நீருக்குள் மூச்சு. இதற்கு வெளியில் மூச்சு. முதலில் வயிறு கீழே இருக்குமாறு நிமிர்த்தி வை.”

இருவரும் குட்டியை மெல்ல நிமிர்த்தினர். அதன் இரு பக்கத் துடுப்புகளும் மடங்கி நசுங்காதவாறு, அவற்றின் கீழே மணலில் குழி பறித்து நீர் நிரப்பினர். அப்பத்தா தம் பழைய பருத்திச் சேலையைக் கடல்நீரில் நனைத்து அதன் மேல் போர்த்தினார். “தலையை மட்டும் மூடாதே. துளைக்குள் ஒரு துளி நீரும் ஊற்றாதே” என்று எச்சரித்தார்.

“ஏன் அப்பத்தா நனைக்க வேண்டும்?”

“கடலுக்குள் நீரே அதன் உடலைக் குளிர்விக்கும். கரையில் வெயில் ஏறினால் உள்ளே சூடு அடைந்துவிடும், தோலும் வெடித்துவிடும். மூச்சை எண்ணிக்கொண்டே இரு. விரைவாக விடத் தொடங்கினால் துன்பம் மிகுகிறது என்று பொருள்.”

முத்துமாரி எண்ணினாள். நிமிடத்திற்கு ஐந்து முறை மூச்சு வந்தது. பனையோலைகளை நட்டு நிழல் அமைத்தாள். குடம் குடமாக நீர் சுமந்து சேலையை நனைத்தாள்.

அதற்குள் ஊரார் கூடிவிட்டனர். இளைஞர் இருவர் வாலைப் பற்றி இழுக்க முன்வந்தனர். “வாலை இழுக்காதீர்கள், எலும்பு நழுவிவிடும்!” என்று அப்பத்தா தடுத்தார். சிலர் கைப்பேசியில் படம் எடுக்க நெருங்கினர். குட்டியின் மூச்சு எட்டாக உயர்ந்தது. “விலகி நில்லுங்கள். உங்கள் சத்தமே அதற்கு அச்சம்” என்றாள் முத்துமாரி.

சேலையை மீண்டும் நனைக்கையில், இடப்பக்கத் துடுப்பின் அடியில் ஏதோ இறுகிக் கிடப்பதைக் கண்டாள். குனிந்து பார்த்தாள். நைலான் நூல். பச்சை நிறம். அவள் நெஞ்சு நின்றுவிடும் போலிருந்தது. ஊரில் எல்லார் வலையும் நீல நூல். சென்ற வாரம் நீல நூல் தீர்ந்தமையால், தன் தந்தையின் வலையை அவளே பச்சை நூலால் பின்னியிருந்தாள். அந்த இரட்டை முடிச்சும் அவளுடையதே.

சற்று நேரத்தில் வள்ளம் கரையேறியது. தந்தையின் தோளில் கிழிந்த வலை கிடந்தது. “ஏதோ பெரியது அறுத்துக்கொண்டு போயிருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், குட்டியையும் பச்சை நூலையும் பார்த்துப் பேச்சற்று நின்றார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் அவர் காதருகே வந்தார். “முனியசாமி, ஓங்கிலைத் தொட்டாலே வழக்கு என்கிறார்கள். வனத்துறையினர் வருமுன் நூலை அறுத்து மணலில் புதைத்துவிடு. குட்டியைக் கடலில் தள்ளிவிடு. கேட்டால், நோய்கண்டு ஒதுங்கியது என்று சொல்லிவிடலாம்.”

முத்துமாரியின் கையருகே வலை அறுக்கும் கத்தி கிடந்தது. ஒரே நொடியில் நூலை அறுத்துவிடலாம், எவருக்கும் தெரியாது. அவள் தந்தையின் முகத்தைப் பார்த்தாள்.

“அப்பா, இது நான் போட்ட முடிச்சு” என்றாள் மெதுவாக.

முனியசாமி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர்க் கைப்பேசியை எடுத்தார். “ஐயா, ஓங்கில் குட்டி ஒன்று கரையில் கிடக்கிறது. உயிர் இருக்கிறது. என் வலையில் சிக்கியது” என்றார்.

வனத்துறை அலுவலரும் கால்நடை மருத்துவரும் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. மருத்துவர் நூலை நறுக்கி எடுத்தார், காயம் ஆழமில்லை. குட்டியின் விலாவில் வெளிறிய கோடுகள் தெரிந்தன. “தாயின் வயிற்றில் மடிந்து கிடந்த தடம் இது. பிறந்து சில வாரங்களே ஆகியிருக்கும். பால்குடி மாறாதது” என்றார்.

பிறகு அவர் முனியசாமியின் பக்கம் திரும்பினார். “வலையில் சிக்கியதை நீங்கள் சொன்னது நல்லதாயிற்று. நோயுற்று ஒதுங்கும் ஓங்கில்களைக் கடலில் விட்டாலும் அவை பெரும்பாலும் மீண்டும் கரைக்கே வரும். இதுவோ வலையில் போராடிக் களைத்து வந்தது. ஆகவே இதற்கு வாய்ப்பு உண்டு. ஆனால், தாய் அருகில் இருந்தால் மட்டுமே. இல்லையேல் பாலின்றி இறந்துவிடும்.”

“தாய் இருக்கிறது ஐயா!” என்றார் முனியசாமி. “விடியலில் திரும்புகையில், பாருக்கு அப்பால் ஓங்கில் ஒன்று போவதும் வருவதுமாக இருந்தது. கூட்டத்தோடு போகாமல் ஏன் தனியே சுற்றுகிறது என்று அப்போது விளங்கவில்லை.”

நனைந்த தார்ப்பாயில் கிடத்தி, நால்வர் குட்டியைத் தூக்கினர். வள்ளம் பாரை நோக்கிச் சென்றது. முத்துமாரி வழியெல்லாம் சேலையை நனைத்துக்கொண்டே வந்தாள். பாரின் உட்புறம் நீர் நெஞ்சளவே இருந்தது. எந்திரத்தை நிறுத்திவிட்டு, தந்தையும் மருத்துவரும் குட்டியோடு நீரில் இறங்கினர். உடனே அதனை விட்டுவிடவில்லை. நெடுநேரம் மணலில் கிடந்தமையால் அதன் உடல் விறைத்திருந்தது. மூச்சுத் துளை நீருக்கு மேலே இருக்குமாறு இருவரும் தாங்கிப் பிடித்திருந்தனர். ஏறக்குறைய அரைமணி நேரம் கழிந்தது. குட்டியின் வால் மெல்ல அசைந்தது. பிறகு வலுவாக அடித்தது.

அப்போது பாருக்கு அப்பால் முதுகுத் துடுப்பு ஒன்று எழுந்தது, மறைந்தது, முன்னிலும் அருகில் எழுந்தது.

“இப்போது” என்றார் மருத்துவர்.

கைகள் விலகின. குட்டி ஒருமுறை சாய்ந்தது, தானே நிமிர்ந்தது, பின்னர் நீருள் மறைந்தது. வள்ளத்தில் இருந்தவர்கள் மூச்சடக்கிக் காத்திருந்தனர். சற்றுத் தொலைவில் ‘புஸ்’ என்று பெரிய மூச்சு ஒன்று கேட்டது. அதனை அடுத்துச் சிறிய மூச்சு ஒன்றும் கேட்டது.

கரை திரும்பியதும் அலுவலர் முனியசாமியின் பெயரைக் குறித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெரியவர் கவலையோடு பார்த்தார். “அஞ்சாதீர்கள். தாமே வந்து சொல்பவரைத் தண்டிக்க நாங்கள் வரவில்லை. மூன்று நாள்கள் கரையைப் பார்த்துவாருங்கள். குட்டி மீண்டும் ஒதுங்கினால் உடனே சொல்லுங்கள்” என்றார் அலுவலர்.

மூன்று நாள்களும் விடியலில் தந்தையும் மகளும் கரையோரம் நடந்தனர். குட்டி ஒதுங்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை, முத்துமாரி கிழிந்த வலையை மடியில் பரப்பி ஊசியில் நூல் கோத்தாள்.

“நீல நூல் வாங்கி வந்துவிட்டேனே, மறுபடியும் பச்சை நூலா?” என்றார் தந்தை.

“ஆம் அப்பா. நம் வலை செய்வது நமக்குத் தெரிய வேண்டும் அல்லவா?”

சொல்லும் பொருளும்

வள்ளம் – சிறிய மீன்பிடி படகு
பார் – கடலுக்கு அடியில் உள்ள பவளப்பாறைத் திட்டு
ஒதுங்குதல் – அலையால் கரை சேர்தல்
பால்குடி மாறாத – தாய்ப்பாலை இன்னும் மறவாத
விறைத்தல் – அசைக்க இயலாதவாறு இறுகுதல்
அப்பத்தா – தந்தையின் தாய்

தெரிந்துகொள்வோம்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஓங்கில்களைக் காக்கிறது. ஓங்கில் கடலில் மட்டும் வாழ்வதில்லை, ஆற்றிலும் வாழ்கிறது. நம் நாட்டின் தேசிய நீர்வாழ் விலங்கு கங்கை ஓங்கிலே ஆகும். அதற்குக் கண்பார்வை ஏறக்குறைய இல்லை. ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் வழி அறிகிறது. பீகாரில் பாகல்பூரை அடுத்த கங்கைப் பகுதி அதற்கான சரணாலயமாக உள்ளது. அதுவும் மூச்சு விட நீரின் மேலே வந்தாக வேண்டும். ஆகவே, வலையில் சிக்கி மேலே வர இயலாத ஓங்கில் நீரிலேயே மூச்சு முட்டி இறக்கிறது.

மொழியை அறிவோம் – எதிர்மறை ஏவல்

‘தலையை மூடு’ என்பது ஒரு செயலைச் செய்யச் சொல்கிறது, இஃது ஏவல். ‘தலையை மூடாதே’ என்பது செய்ய வேண்டா எனத் தடுக்கிறது. இஃது எதிர்மறை ஏவல். ஒருவரை நோக்கி ‘மூடாதே’ என்கிறோம். பலரையோ பெரியவரையோ நோக்கி ‘மூடாதீர்கள்’ என்கிறோம். அப்பத்தா முத்துமாரியிடம் ‘ஊற்றாதே’ என்றும், இளைஞர்களிடம் ‘இழுக்காதீர்கள்’ என்றும் கூறியதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பயிற்சிகள்

அ. எதிர்மறை ஏவலாக மாற்றுக.
1. தள்ளு – (ஒருவரிடம்) ............
2. நெருங்கு – (பலரிடம்) ............
3. மறை – (ஒருவரிடம்) ............
4. கத்து – (பலரிடம்) ............

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. முத்துமாரி முதலில் செய்த செயல் குட்டிக்கு ஏன் உதவவில்லை?
2. துடுப்புகளின் கீழே குழி பறித்தது எதற்காக?
3. பச்சை நூல் தன் தந்தையின் வலையைச் சேர்ந்தது என்பதை முத்துமாரி எவ்வாறு அறிந்தாள்?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. முனியசாமி உண்மையை மறைத்திருந்தால் மருத்துவரின் முடிவு எவ்வாறு மாறியிருக்கும்?
2. பக்கத்து வீட்டுப் பெரியவர் தீயவரா? அவர் அவ்வாறு கூறியதன் காரணம் யாது? உம் கருத்தை எழுதுக.

ஈ. வீட்டில் கேட்டு எழுதுக.
உம் தாத்தா, பாட்டி வாழும் ஊரில் மீன், பறவை, விலங்கு ஆகியவற்றுக்கு வழங்கும் ஐந்து பெயர்களைக் கேட்டறிந்து, நீர் இப்போது வாழும் ஊரில் அவற்றுக்கு வழங்கும் பெயர்களையும் எதிரே எழுதுக.